பாலாற்றங்கரை முள்ளுக்கு ட்யூப்லெஸ் தகுமா?

கேள்வி: சத்துவாச்சாரியில் இருக்கிறேன். 700x40 டயர் போட்ட ஹைப்ரிட் சைக்கிள். காலையில் பாலாற்றங்கரை மண்பாதை, ஞாயிறன்று கணியம்பாடி வழியாக அமிர்தி. கருவேல முள்ளால் மாதம் இரண்டு பஞ்சர், ஒட்ட 50 ரூபாய். ட்யூப்லெஸ் ஆக்க, இரண்டு டயர் 5,600, ரிம் டேப் 700, வால்வு ஜோடி 1,100, அரை லிட்டர் சீலன்ட் 1,300, கூலி 800, மொத்தம் 9,500 ரூபாய் என்கிறது கடை. ரிம்மில் ‘ட்யூப்லெஸ் ரெடி’ என்று ஒட்டியிருக்கிறது. பழைய டயரையே வைத்துச் செலவைக் குறைக்க முடியுமா? இது லாபமா?

பதில்: பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் லாபம் இல்லை. பஞ்சருக்கு வருடம் 1,200 ரூபாய் போகிறது. ட்யூப்லெஸ் ஆக்கினால் 40 மில்லிமீட்டர் டயர் ஒன்றுக்குத் தொடக்கத்தில் சுமார் 60 மில்லி சீலன்ட் வேண்டும். அது ரப்பர் பால் கலந்த திரவம், உள்ளே இருந்தபடியே மெல்லக் காய்ந்துபோகும். குளிர்ந்த ஊர்களில் நாலைந்து மாதம் தாங்குவது, கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டயருக்கு 40 மில்லி சேர்த்தால், வருடத்துக்கு அந்த அரை லிட்டர் புட்டி ஒன்று காலி. அதாவது சீலன்ட் செலவே பஞ்சர் செலவைத் தாண்டிவிடுகிறது.

ஆகவே நீங்கள் பணம் கொடுப்பது வேறொன்றுக்கு. கணியம்பாடியைத் தாண்டி அமிர்தி சாலையில் காற்று இறங்கினால் வண்டியைத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். அந்த நடையும், ஆற்றங்கரையில் ட்யூபைக் கழற்றி மாட்டும் நேரமும் உங்களுக்கு எவ்வளவு பெறும் என்பதுதான் கேள்வி. முள் பஞ்சரைப் பொறுத்தவரை ட்யூப்லெஸ் நிஜமாகவே நல்ல தீர்வு. சீமைக் கருவேல முள் குத்துவது ஊசித் துளை போன்ற சின்ன ஓட்டை. காற்று வெளியேறும் வேகத்தில் சீலன்டும் அங்கே ஓடி, ரப்பர் துகள் திரண்டு அடைத்துக்கொள்ளும். முள்ளைப் பிடுங்கினால் ‘புஸ்’ஸென்று வெள்ளைத் துளி தெறிக்கும். உடனே அந்த இடம் கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள், பெரும்பாலும் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். உங்கள் டயருக்குப் போதுமான 35, 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இது நன்றாக நடக்கும். 80 பி.எஸ்.ஐ. அடிக்கும் ஒல்லி ரோடு பைக் டயரில் அடைப்பு உட்காருவதற்குள் காற்றே அதைத் தள்ளிவிடும். அவர்களுக்கு நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பழைய டயர் வேண்டாம். சாதா டயரின் விளிம்பு, உள்ளே ட்யூப் அழுத்திப் பிடிக்கும் என்று நம்பிச் செய்தது. ட்யூபை எடுத்துவிட்டால் வளைவில் சாயும்போது விளிம்பு ரிம்மை விட்டு நழுவி, ஒரே நொடியில் முழுக் காற்றும் போகலாம். பக்கச் சுவர் வழியாகவும் சீலன்ட் கசிந்துகொண்டே இருக்கும். டயரிலும் ‘ட்யூப்லெஸ் ரெடி’ என்று இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. எடை அதிகம் விழுவதும் அதிகம் பஞ்சர் ஆவதும் பின் சக்கரம்தான். அந்த டயர் எப்படியும் சீக்கிரம் தேயும். தேய்ந்ததும் பின் சக்கரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். மாற்ற வேண்டிய டயரின் விலையை ட்யூப்லெஸ் செலவாகவே எண்ண வேண்டாம், சாதா டயரைவிட ஏறும் விலை வித்தியாசம் மட்டும்தான் கூடுதல்.

அப்புறம், வேலை சரியாக நடப்பது சீலன்டில் அல்ல, ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப்பில். கடையில் செய்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். ரிம்மின் உள் அகலத்தை அளந்து, அதைவிட 3, 4 மில்லிமீட்டர் அகலமான டேப் வாங்க வேண்டும். உள் அகலம் 21 என்றால் 25 மில்லிமீட்டர் டேப். பழைய துணிப் பட்டையை உரித்து, ரிம்மை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் டேப் ஒட்டாது. வால்வு துளைக்கு ஒரு சாண் முன்னால் தொடங்கி, டேப்பை இறுக்கி இழுத்துக்கொண்டே ஒட்டி வந்து, துளையைத் தாண்டி இன்னொரு சாண் வரை மேலே ஒட்டினால் அந்த இடத்தில் இரண்டு அடுக்கு வரும். பிறகு வால்வு துளையின் மேலுள்ள டேப்பைத் துளைத்து, பழைய ட்யூபை மாட்டிக் காற்றடித்து ஓர் இரவு வைத்தால், டேப் பள்ளங்களில் அழுந்தி உட்காரும். அவசரத்தில் கடைக்காரர்கள் விடுவது இந்த ஓர் இரவைத்தான்.

துளைக்கும்போது டேப்பைப் பிளேடால் கீறாதீர்கள், கிழிசல் நீளும். சூடான ஆணி நுனியால் சின்னதாகத் துளையுங்கள். மறுநாள் ட்யூபைக் கழற்றிவிட்டு ட்யூப்லெஸ் வால்வைச் செருகி, கையாலேயே மரையை இறுக்குங்கள். குறடு வேண்டாம். ட்யூப்லெஸ் வால்வு பெரும்பாலும் பிரெஸ்டா என்கிற ஒல்லி ரகம். ஸ்கூட்டர் பஞ்சர் கடை கம்ப்ரெஸரில் மாட்ட ஒரு சின்ன பித்தளை அடாப்டர் வேண்டும், அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டு வேகமாகக் காற்றடித்தால் ‘டப், டப்’ என்று விளிம்பு ஏறி உட்காரும். உட்கார்ந்த பிறகு காற்றை இறக்கிவிட்டு, வால்வு வழியாக 60 மில்லி சீலன்ட் ஊற்றி, ஊசியைப் போட்டுக் காற்றடித்து, சக்கரத்தை இரு பக்கமும் சாய்த்துக் குலுக்குங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் காற்று கொஞ்சம் குறையும், அது சகஜம். ஒரு வாரம் ஆகியும் தினமும் இறங்கினால் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஸ்போக் முனையில் குமிழி வந்தால் டேப் கோளாறு. சீலன்ட் எவ்வளவு சேர்த்தாலும் தீராது, டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டத்தான் வேண்டும். அதற்குத் தனிக் கூலி கேட்கக் கூடாது என்று 800 ரூபாய் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

சீலன்ட் காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள, சக்கரத்தைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். தளும்பும் சத்தம் இல்லை என்றால் சேர்க்கும் நேரம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய மாட்டேன் என்றால் ட்யூப்லெஸ் வேண்டாம். உங்கள் ட்யூப் வால்வின் ஊசி கழலும் ரகமா என்று பார்த்து, ட்யூபுக்குள்ளேயே சீலன்ட் ஊற்றிக்கொள்ளலாம். அடைக்கும் திறன் குறைவு, ஆனால் டேப், வால்வு, கூலி எதுவும் இல்லை.

ட்யூப்லெஸ் ஆக்கினாலும் பையில் ஒரு ட்யூப் கட்டாயம். ஆற்றங்கரைக் கண்ணாடிச் சில்லு பக்கச் சுவரைக் கிழித்தால் சீலன்ட் அடைக்காது. அப்போது ட்யூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டுச் சாதா ட்யூபைப் போடுவீர்கள். போடுவதற்கு முன், மடித்த துணியால் டயரின் உள்பக்கத்தை ஒரு சுற்றுத் துடைத்துப் பாருங்கள். சீலன்ட் அடைத்ததால் உங்களுக்கே தெரியாமல் உடைந்து நிற்கும் முள் நுனிகள் அங்கே இருக்கும். ஒன்று விட்டுப்போனாலும் புது ட்யூப் அங்கேயே பஞ்சராகும்.