தகுதிகாண் படிவத்தில் மதிப்பெண்ணும் குறிப்பும் முரண்பட்டால்

"அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. தகுதிகாண் படிவங்களைச் சுருக்கி நிரந்தரம், நீட்டிப்பு, விடுவிப்பு எனப் பரிந்துரைக்க வேண்டும். ஒருவருக்கு மதிப்பெண் 5-க்கு 4. குறிப்பிலோ 'பொறுப்பு போதாது'. எதை எடுப்பது?"

வணக்கம். இரண்டையும் அப்படியே எடுக்காதீர்கள். 'பொறுப்பு போதாது' என்பது வெறும் கருத்து. என்ன நடந்தது, எப்போது நடந்தது, அது அவரிடம் சொல்லப்பட்டதா என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது சான்றாகும். ஆகவே முதலில் மேலாளரிடம் அவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் மாதத்தில் டெலிவரி சலான்களை இருமுறை தாமதமாகப் பதிந்தார், எடுத்துச் சொன்ன பின் தாமதமே இல்லை என்று பதில் வந்தால், அதே குறிப்பு நிரந்தரப்படுத்துவதற்கான சான்றாகிவிடுகிறது. சொல்லியும், அவகாசம் கொடுத்தும் தொடர்ந்தது என்றால், தேதிகளோடு விடுவிப்பைப் பரிந்துரைக்கலாம். யாரும் அவரிடம் சொல்லவே இல்லை என்றால் விடுவிப்பு நியாயமாகாது. எதை எந்தத் தேதிக்குள் திருத்த வேண்டும் என்று குறிப்பிட்டு நீட்டிப்பை எழுதுங்கள். ஆனால் நியமன ஆணையில் நீட்டிப்புக்கு இடமுண்டா, எத்தனை மாதம் வரை என்பதை முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.

பரிந்துரைக்கு எதிராக நிற்கும் சான்றையும் சுருக்கத்தில் ஒரு வரி சேருங்கள். அந்த 4 மதிப்பெண்ணை மறைத்துவிட்டால், கையெழுத்திடுபவர் பாதிப் படிவத்தை வைத்தே ஒருவரின் வேலையை முடிவுசெய்வார்.