கடைசி ரவுண்டுக்குப் பிறகு வேலை நேரம் பற்றிக் கேட்கலாமா?

கேள்வி: நேற்று ஃபைனல் இன்டர்வியூ முடிந்தது. நான் இந்தியாவில், டீம் நியூயார்க்கில். எத்தனை மணிக்கு வேலை என்று யாருமே சொல்லவில்லை. இப்போது கேட்டால் தயங்குகிறேன் என்று நினைப்பார்களோ?

நினைக்க மாட்டார்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் "வேலை நேரம் என்ன?" என்று மட்டும் கேட்டால் "ஃப்ளெக்சிபிள்" என்று பதில் வரும். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நன்றி மெயிலிலேயே ரெக்ரூட்டருக்கு இப்படி எழுதுங்கள்: "டீம் முழுக்க ஒன்றாக ஆன்லைனில் இருக்க வேண்டிய நேரம், நியூயார்க் நேரப்படி எதிலிருந்து எதுவரை? எனக்கு இந்திய நேரம் இரவு 10.30 வரை தினமும் முடியும். மேனேஜரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?" உங்கள் எல்லையைச் சொல்லிவிட்டால் அவர்களும் மழுப்பாமல் பதில் சொல்வார்கள்.

கேள்வி: விளம்பரத்திலேயே "4 மணி நேர ஓவர்லாப்" என்று போட்டுவிடுகிறார்களே, அப்புறம் என்ன கேட்பது?

நீங்கள் சொல்வது பாதி சரி. எந்த 4 மணி நேரம் என்று அதில் இருக்காது. அவர்களுடைய காலை 9 முதல் 1 வரை என்றால், கோடையில் நமக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. மதியம் 1 முதல் 5 வரை என்றால் இரவு 10.30 முதல் 2.30 வரை! நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள், நாம் தள்ளுவதில்லை. அதனால் மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை, 10.30க்கு முடிந்த வேலை 11.30க்குத்தான் முடியும். ஆகவே குளிர்கால நேரத்தை வைத்தே உங்கள் எல்லையைக் கணக்கிடுங்கள்.

மீதி 4 மணி நேரத்தை எப்போது செய்வது என்பதையும் கேளுங்கள். ஆளை உண்மையில் சோர்வாக்குவது அதுதான். மதியம் 2க்குத் தொடங்கலாம் என்றால் சமாளிக்கலாம். காலை 10க்கே இன்னொரு மீட்டிங் இருந்தால், நாள் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

கேள்வி: நான் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, வாரம் இரண்டு மீட்டிங் நள்ளிரவில். நைட் அலவன்ஸ் கேட்கலாமா?

இது வேறு விஷயம். பணியாளரா, கான்ட்ராக்டரா என்பதைப் பொறுத்தது, ஒப்பந்தத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதற்கு முன், ஒரு மீட்டிங்கை அவர்களுடைய காலை நேரத்துக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். பணம் கேட்பதைவிட அதற்குச் சம்மதிப்பது அவர்களுக்கு எளிது.

கேள்வி: வேலை நேரத்தை ஆஃபர் லெட்டரில் எழுதித் தருவார்களா?

சிலர் தருவார்கள், சிலர் மறுப்பார்கள். மறுத்தால் மெயிலில் வந்த பதிலைப் பத்திரமாக வையுங்கள். மேனேஜர் மாறினால் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது அந்தந்த நிறுவனத்தைப் பொறுத்தது. கையெழுத்துப் போடும் முன், உங்கள் நேர மண்டலத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரோடு 15 நிமிடம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அவரிடம் கொள்கையைப் பற்றிக் கேட்காதீர்கள். "போன வாரம் ஒவ்வொரு நாளும் உங்கள் கடைசி மீட்டிங் எத்தனை மணிக்கு முடிந்தது?" என்று கேளுங்கள்.