பதில் தராத கூட்டு நிறுவனமும் அச்சுக்குப் போக வேண்டிய கேட்லாக்கும்

கேள்வி: மதுரையில் சுங்குடிச் சேலைகள் தயாரித்து விற்கிறேன். சென்னையிலுள்ள ஓர் ஆடை நிறுவனத்துடன் சேர்ந்து, இருவர் பெயரிலும் தீபாவளிக்குப் புதிய சேலைகளைக் கொண்டுவருகிறோம். எழுத்து மூலமான முன் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் பெயரையோ சின்னத்தையோ விளம்பரத்தில் போடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கேட்லாக் ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் இரண்டு முறை அனுப்பினேன். நீல டிக் விழுந்ததே தவிர, பதில் இல்லை. 18-ஆம் தேதி அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். "குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்" என எழுதிவிட்டு அச்சடிக்கலாமா?
வாசகர், மதுரை

பதில்: அப்படி எழுதலாம், ஆனால் அதை நம்பி அவர்கள் பெயருடன் அச்சடிக்கக் கூடாது. ஒரு தரப்பு தானாகவே ஒரு கெடுவை வைத்து, மறு தரப்பின் மௌனத்தைச் சம்மதமாக மாற்றிவிட முடியாது. 1862-இல் இங்கிலாந்தில் முடிவான ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி வழக்கில், தன் சகோதரர் மகனிடம் குதிரை வாங்க விரும்பிய ஒருவர், "இதற்கு மேல் தகவல் இல்லையென்றால் குதிரை என்னுடையதே" என்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை, குதிரை அவருடையது ஆகவும் இல்லை. நம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-உம், சம்மதம் ஏதாவது ஒரு வகையில் தெரிவிக்கப்பட வேண்டும் என்ற அடிப்படையிலேயே நிற்கிறது. உங்கள் ஒப்பந்தமோ எழுத்து மூலம் என்று முறையையும் சேர்த்துச் சொல்லிவிட்டது. ஆகவே நீல டிக் உங்கள் செய்தி திறக்கப்பட்டது என்பதைக் காட்டலாம், ஒப்புதலைக் காட்டாது.

அவர்களுடைய சின்னம் பதிவு செய்யப்பட்ட வணிகக் குறியாக இருந்தால் ஆபத்து ஒப்பந்த மீறலோடு முடியாது. வணிகக் குறிகள் சட்டம் 1999-இன் 29-ஆவது பிரிவின்படி விளம்பரத்தில் இடுவதும் அக்குறியைப் பயன்படுத்துவதே ஆகும். 134-ஆவது பிரிவின்படி அவர்கள் தாங்கள் தொழில் நடத்தும் சென்னையிலேயே வழக்குத் தொடர்ந்து, தடையாணை கேட்க முடியும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஓர் இடைக்காலத் தடையாணை வந்தால் அச்சடித்த கேட்லாக் முழுவதும் கட்டோடு கிடங்கில் கிடக்கும். "போன பொங்கலுக்கும் இப்படித்தான் பதில் சொல்லாமல் இருந்தார்கள், பிறகு ஒன்றும் கேட்கவில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. மறைமுகமான சம்மதத்தையும் அச்சட்டத்தின் 30-ஆவது பிரிவு ஓரளவு ஏற்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது வழக்கு வந்த பிறகு சொல்லக்கூடிய எதிர்வாதமே தவிர, அச்சகத்துக்குப் போவதற்கு முன் கையில் இருக்கும் அனுமதி அல்ல. ஒரு முறை கேட்காமல் விட்டதால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகாது என்ற வாசகம் பெரும்பாலான நிறுவன ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். உங்களுடையதிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதனால், பதில் வராவிட்டால் அவர்கள் என்ன செய்ததாகக் கருதப்படும் என்று எழுதாமல், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். அவர்கள் பெயர் இல்லாத இரண்டாவது ப்ரூஃப் ஒன்றைத் தயாரித்து, இரண்டையும் சேர்த்து, ஒப்பந்தத்தில் அறிவிப்புகளுக்கெனக் குறித்துள்ள மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் "மெயில் பாருங்கள்" என்று ஒரு வரி போட்டால் போதும். கடிதம் இவ்வளவு சுருக்கமாக இருக்கலாம்:

"நம் ஒப்பந்தத்தின்படி, இத்துடன் உள்ள catalogue_A.pdf ப்ரூஃபின் அட்டையிலும் 7, 16-ஆம் பக்கங்களிலும் தங்கள் பெயரும் சின்னமும் இடம்பெற எழுத்து மூலமான ஒப்புதலைக் கோருகிறோம். ஒப்புதலையோ திருத்தங்களையோ 14-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் இம்மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்ப வேண்டுகிறோம். அதற்குள் பதில் வராவிட்டால், தங்கள் பெயரும் சின்னமும் இல்லாத catalogue_B.pdf ப்ரூஃபை 18-ஆம் தேதி அச்சுக்குக் கொடுப்போம். அதன் பிறகு வரும் ஒப்புதலை இந்தப் பதிப்பில் சேர்க்க இயலாது."

கெடுவை 17-ஆம் தேதி என்று வைக்காமல் 14 என்று வைப்பதற்குக் காரணம், திருத்தம் வந்தால் அதைச் செய்து மறுபடி காட்டுவதற்கு இடம் வேண்டும் என்பதே. 12-ஆம் தேதி அதே மின்னஞ்சல் தொடரில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். இரண்டாவது ப்ரூஃபை மட்டும் ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள்: பின்னட்டையில் சின்னத்தை எடுத்துவிட்டு, உள்ளே படத்தில் மடித்து வைத்த சேலையின் லேபிளில் அதே சின்னத்தைத் தெளிவாகத் தெரியவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அவர்கள் செலவில் அவர்களுக்காக எடுக்கப்பட்ட புகைப்படங்களையும் நீக்கிவிடுங்கள். அவற்றின் பதிப்புரிமை பெரும்பாலும் அவர்களுடையதாகவே இருக்கும்.

விளம்பரத்தைக் கூட்டாகவே செய்ய வேண்டும் என்ற கடமை உங்கள் மீது இருந்தால், பெயரில்லாமல் அச்சடிப்பதே மீறல் ஆகாதா என்ற கேள்வி எழும். ஒப்பந்தச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு இதற்குக் கைகொடுக்கிறது. நீங்கள் உங்கள் கடமையைச் செய்வதற்கு வேண்டிய நியாயமான வசதியை மறு தரப்பு தராமல் அலட்சியம் செய்தால், அதனால் செய்ய இயலாமல் போனதற்கு நீங்கள் பொறுப்பாளி அல்ல. மேலே சொன்ன மின்னஞ்சலும் நினைவூட்டலும் அந்த அலட்சியத்துக்குச் சான்றாகும். ஆனால் இந்தப் பிரிவு உங்களைப் பழியிலிருந்து விடுவிக்குமே தவிர, அவர்கள் பெயரைப் போட்டுக்கொள்ள உரிமை தராது.

பதில் வந்தாலும் அதை யார் அனுப்பினார்கள், என்ன சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். அங்குள்ள விற்பனைப் பணியாளர் ஒருவர் கட்டைவிரல் படம் போட்டது ஒப்பந்தம் கேட்கும் ஒப்புதல் ஆகுமா என்பது வழக்காடும் அளவுக்குச் சந்தேகமானது. "ஓகே, ஆனால் சின்னத்தைப் பெரிதாக்குங்கள்" என்பதும் நீங்கள் அனுப்பிய ப்ரூஃபுக்கான ஒப்புதல் அல்ல. திருத்திய ப்ரூஃபை அனுப்பி, அதற்கு நிபந்தனையில்லாத ஒரு வரியை வாங்குங்கள்.

அடுத்த பருவத்துக்கு இந்தத் தொல்லை வேண்டாமென்றால், மௌனமே ஒப்புதல் என்ற விதியை இருவரும் முன்கூட்டி ஒத்துக்கொண்டு துணை ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருவரும் ஏற்ற விதி என்பதால் அது செல்லும். ஒப்பந்தத்தை இரு தரப்பும் சேர்ந்து மாற்றிக்கொள்வதை ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ப்ரூஃப் குறித்த முகவரிக்குச் சென்று சேர்ந்ததிலிருந்து ஐந்து வேலை நாள், பிறகு ஒரு நினைவூட்டல், அதற்கும் பின் இரண்டு வேலை நாள் என்பது பெரிய நிறுவனங்களும் மறுக்காத அளவு. அந்த ஒப்புதல் அனுப்பிய ப்ரூஃபுக்கு மட்டுமே, ஒரு சொல் மாறினாலும் புதிதாகக் கேட்க வேண்டும் என்று சேர்த்துவிட்டால் அவர்களுடைய சட்டப் பிரிவு எளிதில் இணங்கும்.

எந்த ஒப்புதலும் கேட்லாக்கில் எழுதியிருப்பதை உண்மையாக்கிவிடாது. சாயத்தில் அச்சிட்ட சேலைக்குக் கீழே "கையால் முடிச்சிட்ட சுங்குடி" என்று போட்டிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 21-ஆவது பிரிவின்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அவர்கள் பதில் சொல்லத் தயங்குவது இப்படிப்பட்ட ஒரு வரியாலும் இருக்கலாம் என்பதால், அனுப்புமுன் படங்களின் கீழுள்ள விவரங்களைச் சேலையோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.