வாரச் சராசரி விலைக்கு ARIMA வரிசை எது?

கேள்வி: போடி ஏலக்காய் ஏலத்தின் வாரச் சராசரி விலை 156 வாரங்களுக்கு இருக்கிறது. மடக்கை எடுத்து, இரண்டு முறை வேறுபாடு எடுத்தேன். பகுதித் தன்னொட்டுறவுப் படத்தில் முதல் 4 கோடுகள் கீழ்ப்பக்கமாக எல்லையைத் தாண்டுகின்றன. ARIMA(4,2,0) சரியா?

பதில்: இல்லை. அந்த 4 கோடுகளும் ஏலக்காய் விலையில் இருந்தவை அல்ல. இரண்டாவது வேறுபாடு உண்டாக்கியவை.

நான் குமுளியில் இருக்கிறேன். புத்தடி, போடி ஏல விலைகளோடு இதே இடத்தில் நானும் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். என் தொடரில் முதல் வேறுபாட்டின் திட்டவிலக்கம் 0.040. இரண்டாவதற்கு அது 0.047 ஆக ஏறியது. வேறுபாடு எடுத்தபின் அலைச்சல் கூடினால் ஒரு படி அதிகமாகப் போய்விட்டோம் என்று பொருள். இன்னோர் அடையாளமும் உண்டு: தன்னொட்டுறவில் லேக் 1 பெரிய எதிர்மறையாக இருக்கும் (எனக்கு −0.31), பகுதித் தன்னொட்டுறவோ −0.31, −0.28, −0.22, −0.18 என்று மெதுவாகத் தேயும். அந்தத் தேய்வைத்தான் நீங்கள் p=4 என்று எண்ணிவிட்டீர்கள்.

முதல் வேறுபாட்டுக்குத் திரும்புங்கள். அங்கே எனக்குத் தன்னொட்டுறவு லேக் 1 இல் 0.30, லேக் 2 இல் 0.04. எல்லை 1.96/√155, அதாவது ஏறக்குறைய ±0.16. ஆனால் பகுதித் தன்னொட்டுறவிலும் முதல் கோடு மட்டுமே வெளியே நின்றது. இரண்டு படங்களும் ஒரே கோட்டில் அறுந்தால், ARIMA(1,1,0)வா ARIMA(0,1,1)ஆ என்பதைப் படம் சொல்லாது. உறவு இவ்வளவு சிறிதாக இருக்கையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் தெரியும்.

இங்கே தரவு எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். வியாழக்கிழமை விலை ஏறினால், இந்த வாரச் சராசரியில் அதன் ஒரு பங்குதான் சேரும்; மிச்சம் அடுத்த வாரச் சராசரியில் தெரியும். தினசரி விலை எந்த ஒழுங்கும் இல்லாமல் அலைந்தாலும், வாரச் சராசரிகளின் வேறுபாட்டில் லேக் 1 இல் 0.25ஐ ஒட்டிய உறவு தானாக வந்துவிடும். பொருளியலாளர் ஹோல்புரூக் வொர்க்கிங் இதை 1960இல் காட்டினார். வாரத்துக்கு 6 ஏல நாள் என்றால் 0.24. ஒரே லேக்கோடு அறுந்துபோகும் உறவு என்பதால் இது q=1. ஆகவே நான் ARIMA(0,1,1)ஐ எடுத்தேன்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். தினசரி விலை கிடைத்தால் சராசரிக்குப் பதில் வாரத்தின் கடைசி ஏல விலையை எடுங்கள்:

```python
kadaisi = vilai.resample("W").last()
d1 = np.log(kadaisi).diff().dropna()
plot_acf(d1, lags=20)
```

லேக் 0 இல் எப்போதும் 1 என்று நிற்கும் கோட்டை எண்ணாதீர்கள். எனக்கு லேக் 1 இல் 0.30 போய் 0.05 ஆனது. உங்களுக்கும் அப்படி அடங்கினால், கடைசி விலைத் தொடருக்கு ARIMA(0,1,0) போதும்: அடுத்த வாரத்துக்கான கணிப்பு இந்த வாரக் கடைசி விலைதான். அடங்காமல் எல்லைக்கு வெளியே நின்றால், சந்தையிலேயே ஏதோ உறவு இருக்கிறது. அப்போது ARIMA(1,1,0), ARIMA(0,1,1) இரண்டையும் பொருத்தி, AICc குறைவாக வருவதை எடுத்து, எச்சங்களின் தன்னொட்டுறவுப் படத்தையும் ஒருமுறை பாருங்கள்.