ஸ்குவாட்டில் டிராப் செட் வேண்டாம்

"ஸ்குவாட் உட்பட எல்லாத்துலயும் டிராப் செட் போடுறேன். நாலு வாரமா தூக்குற எடை ஏறல. மயோ-ரெப்ஸுக்கு மாறட்டுமா?"

மாறுங்க, ஆனா ஸ்குவாட்டில் இல்லை. எடையைக் குறைச்சுக்கிட்டே ஓய்வில்லாம தொடர்ற டிராப் செட்டும் அங்கே வேண்டாம். தொடை களைக்கும் முன்னாடியே மூச்சும் இடுப்பும் கைவிட்டுடும். அந்தச் சோர்வு அடுத்த செட்டையும் கெடுக்கும். ஸ்குவாட்டுக்குச் சாதாரண செட்தான், நடுவில் 3 நிமிட ஓய்வு, ஓரிரண்டு ரெப்ஸ் மிச்சம் வெச்சு நிறுத்துங்க. செட் நடுவில் சில நொடி நின்னு தொடர்ற ரெஸ்ட்-பாஸும் இங்கே வேண்டாம்.

மயோ-ரெப்ஸை லேட்டரல் ரைஸ், லெக் எக்ஸ்டென்ஷன் மாதிரி ஒற்றை மூட்டுப் பயிற்சிகளில், கடைசியா வையுங்க. முதல் செட் 15 ரெப்ஸ், இன்னும் ஒண்ணு ரெண்டுதான் வரும்ங்கற அளவுக்கு. அதே எடையோட, நாலைஞ்சு ஆழ்ந்த மூச்சு விட்டுட்டு 4 ரெப்ஸ். திரும்ப மூச்சு, திரும்ப 4. மூணாவது ரெப்லயே தடுமாறினா அத்தோட முடிங்க. முதல் குறுஞ்செட்டே 4 வரலைன்னா எடை அதிகம். ஆறேழு சுற்று போகுதுன்னா முதல் செட்டைச் சீக்கிரம் நிறுத்திட்டீங்க.

இதனால தசை கூடுதலா வளரும்னு எதிர்பார்க்காதீங்க. மிச்சமாவது நேரம்தான். நேரம் தாராளமா இருந்தா மூணு சாதாரண செட்டே போதும்.