அந்த இரண்டு பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

"அண்ணா, நான் லாஜிஸ்டிக்ஸ் மேனேஜர். இந்த நாட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. வியாழக்கிழமை ஒரு மீட்டப், ஆளுக்கு 30 விநாடி அறிமுகம். போன தடவை '12 வருட அனுபவம், எண்ட் டு எண்ட் சப்ளை செயின், செலவுக் குறைப்பு' என்று சொன்னேன். அரை மணி நேரத்தில் யாருக்கும் நான் யாரென்றே நினைவில்லை. பேக்கிங் லிஸ்டில் இரண்டு பெட்டி வித்தியாசம் வந்து ஒரு கன்டெய்னர் 11 நாள் துறைமுகத்தில் கிடந்தது மாதிரி நிஜமான வேலையை எல்லாம் 30 விநாடிக்குள் எங்கே சொல்வது?"

தம்பி, கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அந்த இரண்டு பெட்டி, அதுதான் உங்கள் அறிமுகம். மற்றதை எடுத்துவிடலாம்.

நானும் சரக்கு அனுப்பும் தொழிலில்தான் இருக்கிறேன். இங்கே வந்து 19 வருடம் ஆகிறது. வந்த புதிதில் ஒரு சந்திப்பில் நீங்கள் சொன்னதையேதான் நானும் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண்மணி, "அப்படியென்றால் லாரி ஓட்டுவீர்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். அவர் மேல் தவறில்லை. துறைக்கு வெளியே இருப்பவருக்கு நம் பதவிப் பெயர் என்றால் லாரி. துறைக்குள்ளேயே ஒருவருக்கு அது கிடங்கு, இன்னொருவருக்குக் கப்பல் புக்கிங், வேறொருவருக்குச் சுங்கம். "எண்ட் டு எண்ட்" என்று சேர்த்தால் இருக்கிற கொஞ்ச உருவமும் கரைந்துவிடும். "செலவுக் குறைப்பு" என்பதை அந்த அறையில் இன்னும் நாலு பேர் சொல்வார்கள்.

ஆனால் 11 நாள் நகராமல் நின்ற ஒரு இரும்புப் பெட்டியை யாராலும் மனதில் பார்க்க முடியும். இரண்டு அட்டைப்பெட்டி கணக்கு இடித்ததால்தான் அது நின்றது என்றால், கேட்பவர் தானாகவே "அடடா" என்பார். உங்கள் வேலை என்ன, அதில் எங்கே வலிக்கும், நீங்கள் எதைக் கவனிக்கிற ஆள் என்பது எல்லாம் அந்த ஒரு காட்சியிலேயே வந்துவிடுகிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் சொல்வேன்:

"வணக்கம். துறைமுகத்தில் கன்டெய்னர் சும்மா கிடந்தால், இலவச நாட்கள் முடிந்ததும் தினமும் கட்டணம் ஏறும். எங்கள் கன்டெய்னர் ஒன்று 11 நாள் கிடந்தது. காரணம், பேக்கிங் லிஸ்டில் இரண்டு பெட்டி குறைவாக இருந்தது. அதிலிருந்து, கப்பல் கடலில் இருக்கும்போதே எல்லாக் காகிதங்களையும் ஒத்துப் பார்த்து முடித்துவிடுவேன். இங்கே வந்து ஆறு வாரம். இந்த நாட்டில் சுங்க முகவர்கள் எத்தனை நாள் முன்பே காகிதம் கேட்பார்கள் என்று தெரிந்தவரோடு பத்து நிமிடம் பேச ஆசை. நான் லாஜிஸ்டிக்ஸ் மேனேஜர், என் பெயர்..."

இதில் டெமரேஜ் என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். துறைக்காரர்கள் மட்டும் இருக்கிற அறை என்றால் "கட்டணம்" என்ற இடத்தில் டெமரேஜ் என்றே சொல்லுங்கள், ஒரே சொல்லில் நீங்கள் உள்ளே இருந்த ஆள் என்று புரிந்துவிடும். பல துறை ஆட்கள் கலந்திருந்தால் கட்டணம் என்பதே போதும். பழைய கம்பெனியின் பெயர், வாடிக்கையாளர் பெயர், எவ்வளவு பணம் போனது, இது மூன்றும் எந்த அறையிலும் வேண்டாம். புதிதாக வந்த ஒருவர் பழைய இடத்து உள்விஷயத்தை முதல் நிமிடத்திலேயே கொட்டினால், நாளைக்கு நம்முடையதையும் இப்படித்தான் சொல்வாரோ என்று எதிரே இருப்பவருக்குத் தோன்றும்.

கடைசியில் கேட்கிற அந்த ஒரு கேள்வியைக் கைவிடாதீர்கள். "வேலை வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள்" என்றால், கையில் வேலை வைத்திருக்கிற ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் உங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. சுங்க முகவர்கள் எப்போது காகிதம் கேட்பார்கள் என்று கேட்டால் இறக்குமதி பார்க்கிற யாரும் பதில் சொல்லலாம். தனக்குத் தெரியாவிட்டாலும், "எனக்கு ஒருவரைத் தெரியும்" என்பார். உங்களுக்கு நிஜமாகவே தெரிய வேண்டிய விஷயம் என்பதால் குரலிலும் பாசாங்கு இருக்காது.

பெயரை ஏன் கடைசியில் வைத்தேன் என்று கேட்பீர்கள். முன்பின் தெரியாத முகத்தோடு பெயரைக் கேட்பதைவிடத் தொழிலைக் கேட்டால் நினைவில் நிற்கிறது என்று 1987இல் வந்த ஒரு உளவியல் ஆய்வு காட்டியது. ஆங்கிலத்தில் பேக்கர் என்பது குடும்பப் பெயராகவும் இருக்கும், ரொட்டி சுடுபவரையும் குறிக்கும். அதே சொல்லைப் பெயராகச் சொன்னபோது மறந்தவர்கள், தொழிலாகச் சொன்னபோது நினைவில் வைத்திருந்தார்கள். அதனால் முதலில் காட்சியைக் கொடுத்துவிட்டு, பெயரை அதன் மேல் மாட்டுங்கள். நம் பெயர்கள் இங்கே இருப்பவர்கள் காதுக்குப் புதியவை. அசை பிரித்து, நிதானமாக ஒரு தடவை சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, அவர்கள் கூப்பிட வேண்டிய சுருக்கப் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொல்வதுதான் அங்கே வழக்கம் என்றால் முதலிலும் சொல்லுங்கள், கடைசியிலும் சொல்லுங்கள்.

அப்புறம், எங்கே உட்காருகிறீர்கள் என்பதும் முக்கியம். வரிசையாகப் பேசும்போது, தன் முறைக்குச் சற்று முன்னால் பேசியவர் சொன்னது பலருக்கு நினைவில் தங்குவதில்லை. மால்கம் பிரென்னர் 1973இல் இதைச் சோதித்து எழுதினார். தான் என்ன சொல்வது என்ற யோசனையிலேயே மனம் இருக்கும், பாவம். அதனால் உங்களுக்கு அடுத்துப் பேசப்போகிறவர் நீங்கள் சொன்னதில் பாதியைக் கேட்டிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முக்கியமாகச் சந்திக்க வேண்டியவர் அவர்தான் என்றால், இரண்டு இருக்கை தள்ளி உட்காருங்கள், அல்லது இடைவேளையில் தனியாகப் போய்ப் பேசுங்கள்.

நேரத்தைப் போனில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் பேசப் போகிறீர்கள் என்றால், இயல்பான வேகம் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் வரை இருக்கும். அந்தக் கணக்கில் 30 விநாடிக்கு 65 முதல் 75 சொற்கள். நம் உச்சரிப்புக்கு அவர்கள் காது பழக வேண்டும் என்பதால் 60இல் நிறுத்துங்கள். வீட்டில் 25 விநாடியில் முடிந்தால் அங்கே 30 ஆகும். அதிகமானால் காட்சியைத் தொடாதீர்கள், "வணக்கம்" என்றதற்கு அடுத்த வரியில் இருக்கிற கட்டண விளக்கத்தைச் சுருக்குங்கள்.

வியாழக்கிழமைக்கு முன்னால், துறை தெரியாத ஒருவரிடம் காலையில் இதைச் சொல்லிவிட்டு, மாலையில் "நான் காலையில் என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள். "ஏதோ துறைமுக வேலை" என்றால் இன்னும் சரியாகவில்லை, பேக்கிங் லிஸ்ட் வரியை இன்னும் நிதானமாகச் சொல்ல வேண்டும். "இரண்டு பெட்டி குறைந்ததே, அதுதானே?" என்று வந்தால் சரி.

மீட்டப்பில் இது வேலை செய்தால் யாராவது வந்து "அந்தக் கன்டெய்னர் கடைசியில் எப்படி வெளியே வந்தது?" என்று கேட்பார். அதற்கு இரண்டு நிமிட பதிலைத் தயாராக வைத்திருங்கள்: கணக்கு எங்கே மாறியது, திருத்திய லிஸ்டை அனுப்பியவரிடமிருந்து வாங்க ஏன் அவ்வளவு நாள் ஆனது, அதன் பிறகு கப்பல் புறப்பட்ட எத்தனையாவது நாளில் பில் ஆஃப் லேடிங்கையும் இன்வாய்ஸையும் லிஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தீர்கள். அதைச் சொல்லி முடித்ததும் அவருடைய துறைமுகத்தில் எப்படி என்று கேளுங்கள்.