மினிமம் கட்டியும் 71 வெள்ளி வட்டியா?

"அண்ணே, மார்ச்ல கார்டுல 3,000 வெள்ளிக்கு ஃபிரிட்ஜ் வாங்கினேன். கை கடிச்சதால அந்த ஒரு மாசம் மட்டும் மினிமம் 150 கட்டினேன், அதுவும் டியூ டேட்டுக்குள்ளயே. மிச்சம் 2,850க்கு ஒரு மாச வட்டின்னா 42 வெள்ளி சொச்சம்தானே வரணும்? ஏன் 71.68 போட்டிருக்கான்? – செந்தூல் வாசகி"

பேங்க் தப்பா போடலம்மா, சரியாத்தான் போட்டிருக்கான், அதான் வயித்தெரிச்சல். வட்டி 2,850க்கு மட்டும் இல்ல, ஃபிரிட்ஜ் காசு உங்க கணக்குல ஏறின நாள்ல இருந்து முழு 3,000க்கும் ஓடியிருக்கு. அந்த 20 நாள் வட்டியில்லா சலுகையெல்லாம் பில்ல முழுசா கட்டுறவங்களுக்குத்தான், நீங்க 2,999 கட்டி ஒரு வெள்ளி பாக்கி வச்சிருந்தாலும் அது போயிடும்.

நீங்க அனுப்பின ஸ்டேட்மென்ட்ட வச்சே பார்ப்போம். மார்ச் 10 கணக்குல ஏறுச்சு, ஏப்ரல் 17 நீங்க 150 கட்டினீங்க, நடுவுல 38 நாள். வருசத்துக்கு 18 பெர்சென்ட்னா 3,000க்கு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1 வெள்ளி 48 காசு, அப்ப 38 நாளைக்கு 56.22. அதுக்கப்புறம் ஏப்ரல் 28 ஸ்டேட்மென்ட் வரைக்கும் 11 நாள், 2,850க்கு 15.46. கூட்டுங்க, 71.68. நீங்க கட்டின 150ல பாதி வட்டிக்கே போச்சு.

லேட் சார்ஜ் விழல பாருங்க, மினிமம் கட்டினதுல கிடைச்ச லாபம் அவ்வளவுதான். பன்னெண்டு மாசம் விடாம நேரத்துக்குக் கட்டினா வட்டி 15 பெர்சென்ட்டுக்கு இறங்கும், அதுக்கு மினிமமே போதும். ஆனா பில்லுல 'மினிமம்'னு கொட்டை எழுத்துல போடுறவன், முழு காசுக்கும் முதல் நாள்ல இருந்து வட்டின்னு அதே சைஸ்ல போட மாட்டான்.

இப்ப முக்கியமானது ஒண்ணு. பில்லுல இருக்கிற 2,921.68ஐ மே 18 டியூ டேட்ல கட்டிக்கலாம்னு இருந்துடாதீங்க. 2,850க்கு தினம் 1.40 ஓடிட்டே இருக்கு, அந்த 20 நாளுக்கு 28 வெள்ளி சொச்சம் அடுத்த பில்லுல வந்து நிக்கும், முழுசா கட்டினேனே இது என்ன புதுசான்னு அப்புறம் பேங்குக்கு போன் பண்ணி சண்டை போடுவீங்க. காசு கையில இருந்தா இன்னைக்கே கட்டுங்க, பாதி இருந்தா பாதியக் கட்டுங்க, கட்டின நாள்ல இருந்து அந்தப் பாதிக்கு வட்டி நின்னுடும். அதுவரைக்கும் அந்தக் கார்டுல பெட்ரோல் கூட போடாதீங்க, புதுசா தேய்க்கிறதுக்கும் முதல் நாள்ல இருந்தே வட்டி.

இதே ஃபிரிட்ஜ கடையிலயே 12 மாச ஜீரோ பெர்சென்ட் தவணைல போட்டிருந்தா கதை வேற. மாசம் 250தான் பில்லுல ஏறும், பில்லுக்கு வராத மிச்சத்துக்கு வட்டி கிடையாது. ஆனா அந்த 250 முழுசாவே மினிமத்துல சேரும், அதுல அஞ்சு பெர்சென்ட்தான்னு நெனச்சு கொஞ்சமா கட்டினா மினிமம் கட்டாத கணக்கு, லேட் சார்ஜும் சேர்ந்து விழும். தவணைல வாங்கினவங்க நெறைய பேர் இங்கதான் மாட்டுறாங்க.

இன்னொண்ணு, கார்டு கடன அடைச்சுத் தரேன், முதல்ல ப்ராசசிங் காசு போடுன்னு வாட்சப்ல வர்ற ஏஜென்ட் பசங்க, கார்டத் தேய்ச்சு கமிஷன் எடுத்துக்கிட்டு கேஷ் தர்ற கடைக்காரன், இவனுங்க பக்கமே போகாதீங்க. நிஜமாவே சமாளிக்க முடியலன்னா ஏகேபிகேவுக்குப் போங்க, பேங்க் நெகாரா 2006ல ஆரம்பிச்சது, ஆலோசனை இலவசம், ஒரு காசு கேக்க மாட்டாங்க. உங்களுக்கு இப்ப அதெல்லாம் வேணாம், இன்னைக்கு அந்த 2,921.68ஐ கட்டிட்டு, அடுத்த பில்லுல வர்ற சின்னத் தொகையையும் விடாம கட்டுங்க.